சேலையைத் தாண்டி வழியும் சிவப்பு

1980களில் எடுத்த கல்யாண கேசட் ஒன்றை ஓடவிட்டுப் பாருங்கள். மணப்பெண்ணின் அரக்குச் சேலை அதன் ஓரத்தோடு நின்றுவிடாது. சிவப்பு வலப்பக்கமாக வழிந்து, பக்கத்தில் இருக்கும் மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியிலும் கொஞ்சம் ஏறியிருக்கும். வேட்டியின் மடிப்பும் மாலையின் விளிம்பும் மட்டும் அவ்வளவு மோசமாக இருக்காது. கோடு தன் இடத்திலேயே இருக்க, நிறம் மட்டும் நகர்ந்திருக்கும்.

இன்று செல்போனில் எடுத்த படத்தை 'பழைய டிவி' போல மாற்றித் தரும் ஃபில்டர்கள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை செய்வது ஒரே வேலைதான்: படத்தின் சிவப்பை ஒரு பக்கமும் நீலத்தை இன்னொரு பக்கமும் நகர்த்துவது, மேலே கறுப்புக் கோடுகளைப் போடுவது, மூலையில் PLAY என்று எழுதுவது. பார்த்தவுடன் ஏதோ பழசு போலத் தோன்றும். கேசட் பார்த்து வளர்ந்தவர்களுக்கோ உடனே ஏதோ இடிக்கும். சிவப்பும் நீலமும் இப்படிப் பிரிந்து நிற்பது அச்சகத்தில் தகடு விலகும்போது வரும் கோளாறு. டேப்பில் வருவது வேறு.

டேப்பில் நடந்தது இதுதான். கலர் டிவி படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாக அனுப்புவதில்லை. வெளிச்சம் எவ்வளவு என்பது ஒரு சிக்னல். அதன்மேல் நிறம் என்ன என்பது தனிச் சிக்னல். கருப்பு வெள்ளை டிவி வைத்திருந்தவர்களும் அதே ஒளிபரப்பைப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. மனிதக் கண் வெளிச்ச மாற்றத்தை நுணுக்கமாகப் பார்க்கும், நிற மாற்றத்தை அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்காது. அதனால் நிறத்துக்குக் குறைந்த இடம் கொடுத்தாலும் போதும் என்று விட்டார்கள். 1976இல் ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் கொண்டுவந்த விஎச்எஸ் கேசட்டில் இந்தக் கஞ்சத்தனம் உச்சத்துக்குப் போனது. அரை அங்குல டேப்பில் எல்லாவற்றையும் அடக்க, வெளிச்சத்துக்குச் சுமார் 3 மெகாஹெர்ட்ஸ் ஒதுக்கிவிட்டு, நிறத்துக்கு அரை மெகாஹெர்ட்ஸ் அளவே வைத்தார்கள். படத்தைப் பேனாவால் வரைந்துவிட்டு, வண்ணத்தை வெள்ளையடிக்கும் மட்டையால் பூசியது போலத்தான்.

இந்த அளவுகளை நம் படத்தின் புள்ளிகளாக மாற்றிப் பார்த்தால் வேலை சுலபமாகிவிடும். இந்தியாவில் நடைமுறையில் இருந்த பால் முறையில் படம் தெரியும் வரிகள் 576. நாலுக்கு மூன்று என்ற பழைய டிவி விகிதத்தில் அதைக் கணினியில் வைத்தால் அகலம் 768 புள்ளி. எலக்ட்ரான் கதிர் ஒரு வரியில் படத்தை வரைய எடுத்துக்கொள்ளும் நேரம் 52 மைக்ரோ செகண்ட். கணக்குப் போட்டால், விஎச்எஸ் காட்டக்கூடிய மிகச் சிறிய வெளிச்ச விவரம் இரண்டு மூன்று புள்ளி அகலம். மிகச் சிறிய நிற விவரமோ 15 புள்ளிக்குக் குறையாது. இந்தக் குறை வரியின் ஓட்டத்தில், அதாவது கிடையாக மட்டுமே வருகிறது. மேலும் கீழும் நிறம் இவ்வளவு கலங்காது. ஆக, செய்ய வேண்டியது இவ்வளவே: வெளிச்சத்தையும் நிறத்தையும் பிரி, நிறத்தை மட்டும் கிடையாக மங்கவை, மறுபடி சேர்.

இதற்கு விலையில்லாமல் கிடைக்கும் GIMP மென்பொருளே போதும். நம் உதாரணத்துக்கு ஒரு கல்யாணப் படம்: இடப்பக்கம் அரக்குச் சேலையில் பெண், வலப்பக்கம் வெள்ளை வேட்டியில் மாப்பிள்ளை, பின்னால் மஞ்சள் பூ அலங்காரம். முதலில் நாலுக்கு மூன்றாக வெட்டி, 768 × 576 அளவுக்குச் சுருக்கிக்கொள்ளுங்கள். பெரிய படத்திலேயே வேலையைத் தொடங்கினால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் பொருந்தாது.

அடுத்து Colors → Components → Decompose. வரும் பட்டியலில் YCbCr என்று தொடங்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அடுக்குகளாகப் பிரிக்கச் சொல்லுங்கள். luma, blueness, redness என்று தொடங்கும் பெயர்களில் மூன்று சாம்பல் நிற அடுக்குகளோடு புதுப் படம் ஒன்று திறக்கும். luma அடுக்கைத் தனியாகப் பார்த்தால் அப்படியே ஒரு கருப்பு வெள்ளைப் படம். redness அடுக்கில் சேலை மட்டும் வெளுத்துப் பளிச்சென்று தெரியும். வேட்டி நடுத்தரச் சாம்பலாக இருக்கும், ஏனென்றால் இங்கே நடுச் சாம்பல் என்றால் 'நிறம் இல்லை' என்று பொருள். இதை நினைவில் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இப்போது blueness, redness இரண்டுக்கும் Gaussian Blur. Size X, Size Y இரண்டையும் இணைக்கும் சங்கிலிக் குறியை அவிழ்த்துவிட்டு, X-க்கு 7, Y-க்கு 1 கொடுங்கள். luma அடுக்குக்கு X 1 போதும். அதன்பின் அதற்கு மட்டும் லேசாக Unsharp Mask கொடுக்கலாம். பழைய டெக்குகள் மங்கலை மறைக்க விளிம்புகளைச் செயற்கையாகக் கூர்மையாக்கின. கறுப்பு முடியின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கீற்று தெரியுமே, அது அப்படி வந்ததுதான். டேப்பின் இரைச்சலும் வேண்டுமென்றால், நிற அடுக்குகளில் அதை மங்கவைப்பதற்கு முன்பே சேர்த்துவிடுங்கள். அப்போதுதான் இரைச்சல் புள்ளியாக நிற்காமல் கிடையாக இழுபட்டுத் திட்டுத்திட்டாக மாறும். மங்கவைத்த பிறகு தூவினால் மணல் தெளித்தது போல இருக்கும்.

நிறம் நகர்வதும் உண்டு. நிறச் சிக்னல் குறுகிய வடிகட்டியைத் தாண்டி வருவதற்குள் கொஞ்சம் தாமதமாகிறது. கதிரோ இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால் நிறம் வலப்பக்கம் விலகும். கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பிரதி எடுக்க எடுக்க நிறம் ஒன்றிரண்டு வரி கீழேயும் இறங்கும். கல்யாண வீட்டில் மாஸ்டர் கேசட் ஒன்றுதான் இருக்கும், சொந்தக்காரர்களுக்குப் போனது எல்லாம் பிரதி. நம் நினைவில் இருப்பதும் பெரும்பாலும் அந்தப் பிரதிதான். ஆகவே இரண்டு நிற அடுக்குகளையும் Layer → Transform → Offset வழியாக X-இல் 4, Y-இல் 2 நகர்த்துங்கள். இரண்டும் ஒரே திசையில், ஒரே அளவில் போக வேண்டும்.

பலருக்கும் இந்த இடத்தில்தான் சறுக்கும். நகர்த்தியபின் இடது ஓரத்திலும் மேல் ஓரத்திலும் காலியாகும் இடத்தை மென்பொருள் எதையாவது வைத்து நிரப்பியாக வேண்டும். கறுப்பால் நிரப்பினால், சேர்த்த பிறகு அங்கே ஒரு பச்சைப் பட்டை வந்து நிற்கும். காரணம், இரண்டு நிற அடுக்கும் பூஜ்யம் என்றால் அது கறுப்பு அல்ல, அடர்ந்த பச்சை. பின்னணி நிறத்தை 808080 என்று வைத்து, அதனால் நிரப்பச் சொல்லிவிட்டால் ஓரம் நிறமில்லாமல் அடங்கிவிடும். கையால் இழுத்து நகர்த்தவும் வேண்டாம். அடுக்கு படத்தின் எல்லையை விட்டு விலகினால் சேர்க்கும்போது தகராறு செய்யும். எல்லாம் முடிந்ததும் Colors → Components → Recompose. மூலப்படத்தை அதுவரை மூடாமல் வைத்திருங்கள், முடிவு அதில்தான் வந்து விழும்.

இப்போது பாருங்கள். சேலையின் சிவப்பு வேட்டியில் ஏறியிருக்கும். சேலையின் இடது ஓரத்தில் ஒரு சன்னப் பட்டை நிறமிழந்து சாம்பலாகியிருக்கும். பூ அலங்காரத்தின் மஞ்சளும் பச்சையும் ஒன்றில் ஒன்று கரைந்திருக்கும். முகத்தின் கண், மூக்கு மட்டும் தெளிவு குறையாமல் இருக்கும். சேலை ஓரம் அப்படியே இருந்து, முகம் கலங்கிவிட்டதென்றால் நிற அடுக்குக்குக் கொடுக்க வேண்டியதை luma-வுக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இதுவரை செய்தது டேப்பின் வேலை. இனி டிவியின் கண்ணாடி. வரிக் கோடுகள் கேசட்டில் இல்லை, அவை திரைக்கு உரியவை. அதனால் கடைசியில்தான் வர வேண்டும். மங்கலாகவும் கூடாது, நகரவும் கூடாது. கோட்டைப் போட்டுவிட்டு அதன்மேல் மங்கவைக்கும் ஃபில்டர்கள் இந்த வரிசையைத்தான் தலைகீழாக்குகின்றன.

எத்தனை கோடு? ஓடும் படத்தில் 576 வரிகளும் ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு தவணையில் வரும், ஆகவே கோடு கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. நம் கையில் இருப்பதோ அசையாத படம், டெக்கில் பாஸ் அழுத்தி நிறுத்தியது மாதிரி. அப்படி நிறுத்தினால் பல டெக்குகள் ஒரு தவணையின் 288 வரிகளை மட்டுமே காட்டும். அதையே பின்பற்றலாம். படத்தை Cubic முறையில் 1536 × 288 ஆக்குங்கள், நெட்டுவாட்டில் நசுங்கித் தெரிவதைக் கண்டு பயப்பட வேண்டாம். பிறகு None முறையில் 1536 × 1152 ஆக்குங்கள். ஒவ்வொரு வரிக்கும் சரியாக நான்கு புள்ளி உயரம் கிடைத்துவிடும்.

தனியாக 4 × 4 புள்ளியில் ஒரு சின்னப் படம் திறந்து, மேல் இரண்டு வரிசையை வெள்ளையாகவும், மூன்றாவதை இளஞ்சாம்பலாகவும், நான்காவதை அடர்சாம்பலாகவும் நிரப்பி நகலெடுத்தால், GIMP அதையே ஒரு பேட்டர்னாக எடுத்துக்கொள்ளும். புது அடுக்கு ஒன்றை அதனால் நிரப்பி, Multiply ஆக்குங்கள். படம் கறுத்துப்போகும், கீழே இருக்கும் அடுக்கை Curves வழியாகத் தூக்கிவிடலாம். இன்னும் ஒரு நுணுக்கம்: உண்மையான படக்குழாயில் வெளிச்சம் கூடினால் வரி தடித்து, இடைவெளி கிட்டத்தட்ட மூடிவிடும். அதனால் வேட்டியில் கோடு மங்கியும் சேலையின் நிழலில் அழுத்தமாகவும் இருக்க வேண்டும். படத்தின் கருப்பு வெள்ளை நகலைத் தலைகீழாக்கிக் கோட்டு அடுக்குக்கு மாஸ்க்காகப் போட்டால் அது கிடைக்கும்.

படத்தின் அடியில் ஒரு கிழிசல் போலக் கோணலாக இழுபட்ட பட்டையைப் பலர் ஆசையாகச் சேர்க்கிறார்கள். சுழலும் ஹெட் மாறும் இடத்தில் அது வருவது உண்மைதான். ஆனால் வீட்டு டிவியில் அந்தப் பகுதி திரையின் சட்டத்துக்கு வெளியே மறைந்திருக்கும். கேசட்டை நேரே கணினிக்கு மாற்றியபோதுதான் பலர் அதை முதன்முதலாகப் பார்த்தார்கள். வரிக் கோடும் அந்தக் கிழிசலும் ஒரே படத்தில் இருப்பது சரியல்ல என்பது என் கட்சி.

முடித்த படத்தை PNG ஆகச் சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் புகைப்படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். வழியில் அளவு சுருங்கினால் நான்கு புள்ளிக் கணக்கு குலைந்து, கோடுகள் போய் படம் முழுக்க அலை அலையாகப் பட்டைகள் வந்துவிடும்.