பீடியை விட்டதும் எடை கூடுகிறதா?

அமிர்தி வட்டாரத் தம்பதியரே! பசியை அடக்கி வைத்திருந்தது பீடியின் நிகோடின். அதை விட்டதும் பசி எடுக்கும், நாக்குக்கு ருசி திரும்பும். ஓராண்டில் 4, 5 கிலோ வரை ஏறலாம். பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில். அதற்குப் பயந்து மறுபடி பற்ற வைக்காதீங்க. பீடியின் கேடு அதைவிடப் பெரிது.

கணக்குப் பாருங்க. பீடிக்குப் பதிலா தினம் 4 டீ கூடுதல். ஒவ்வொன்றிலும் 2 கரண்டி சர்க்கரை. இரண்டு மாதத்தில் 1 கிலோ ஏற இதுவே போதும்! சர்க்கரை போடாமல் குடியுங்க, இல்லாவிட்டால் நீர்மோர்.

பீடி ஆசை சில நிமிடந்தான். அந்நேரம் நெல்லிக்காய் ஒன்றை மெல்லுங்க. சாமைச் சோற்றைக் கொஞ்சம் குறைத்து, கீரையும் அவரையும் கூட்டிக்கொள்ளுங்க. பட்டினி மட்டும் வேண்டாம். வயிறு காய்ந்தால் பீடி நினைவு வரும். மாலையில் இருவரும் அரைமணி நேரம் வேகமாக நடந்தால், ஐந்தாறு கரண்டி சர்க்கரையின் அளவு செலவாகிவிடும்.