ஒருவருக்குரிய விடை மற்றொருவர் கைக்குப் போவது எப்படி?

2015-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள், கிறிஸ்துமஸ் பண்டிகையன்று, அமெரிக்காவிலுள்ள வால்வ் என்னும் நிறுவனத்தின் ‘ஸ்டீம்’ இணைய அங்காடியில் விந்தையான நிகழ்ச்சியொன்று நடந்தது. கணினி விளையாட்டுகளை விற்கும் அங்காடி அது. அங்கே தம் கணக்கைத் திறந்து பார்த்தவர்களுக்கு, முன்பின் அறியாத வேறொருவரின் முகவரியும், மின்னஞ்சலும், அவர் வாங்கிய பொருள்களின் பட்டியலும் திரையில் தோன்றின. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் இந்நிலை நீடித்தது. சுமார் 34,000 பேருடைய விவரங்கள் இவ்விதம் பிறர் கண்ணில் பட்டிருக்கக்கூடும் என்று அந்நிறுவனமே பின்னர் அறிவித்தது. எவரும் எவருடைய கடவுச்சொல்லையும் திருடவில்லை. எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. பின் எவ்வாறு இது நேர்ந்தது? இதற்கு விடை காண வேண்டுமானால், இணையத்தில் ஒரு விடை எங்கே சேமிக்கப்படுகிறது, எந்தத் தலைப்பின்கீழ் சேமிக்கப்படுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

வாயிலில் இருப்பவரின் குறிப்பேடு

ஒரு பள்ளியின் வாயிலில் பெற்றோர்களுக்குத் தகவல் சொல்ல ஒருவர் அமர்ந்திருக்கிறார் என வைத்துக்கொள்வோம். “பள்ளி என்று திறக்கும்?” என்று ஒரு தாயார் கேட்கிறார். வாயிலில் இருப்பவர் அலுவலகத்திற்குச் சென்று கேட்டு வந்து சொல்கிறார். கேள்வியையும் விடையையும் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார். அடுத்து வரும் நூறு பேர் அதே கேள்வியைக் கேட்டாலும், அவர் அலுவலகத்திற்கு நடக்க வேண்டியதில்லை. குறிப்பேட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். அனைவருக்கும் நேரம் மிச்சம்.

இணையத்தில் இப்பணியைச் செய்வதுதான் சி.டி.என். என்னும் அமைப்பு. மூலக் கணினி எங்கோ தொலைவில் இருக்கும். சி.டி.என். நிறுவனங்களோ சென்னை, மும்பை உட்பட உலகின் பல நகரங்களில் தம் கணினிகளை வைத்திருக்கின்றன. ஒருமுறை மூலக் கணினியிடம் கேட்டுப் பெற்ற விடையை அவை சேமித்து வைத்து, அடுத்துக் கேட்பவர்களுக்குத் தாமே கொடுத்துவிடுகின்றன. இவ்விதம் சேமித்து வைக்கும் இடத்திற்குக் கேஷ் என்று பெயர். குறிப்பேட்டில் எந்தத் தலைப்பின்கீழ் விடை எழுதப்படுகிறதோ அத்தலைப்பைக் ‘கேஷ் கீ’ என்பர். கேஷின் சாவி என்று நாம் சொல்லலாம்.

இப்பொழுது இன்னொரு தாயார் வருகிறார். “என் மகளின் மதிப்பெண் என்ன?” என்கிறார். விடை குறிப்பேட்டில் ஏறுகிறது. அவருக்குப் பின் வந்தவரும் அதே சொற்களில், “என் மகளின் மதிப்பெண் என்ன?” என்று கேட்கிறார். வாயிலில் இருப்பவர் கேள்வியின் சொற்களை மட்டும் ஒப்பிட்டு, கேட்பவர் யார் என்று பாராமல் விடையளித்தால் என்னவாகும்? முதல் தாயாரின் மகளுடைய மதிப்பெண் இரண்டாமவருக்குச் சொல்லப்படும். ஸ்டீம் அங்காடியில் நேர்ந்ததும் இதுவே.

சாவியில் எது உண்டு, எது இல்லை?

அலைபேசியிலுள்ள செயலி ஒன்று மதிப்பெண்ணைக் கேட்கும்போது ஏ.பி.ஐ. எனப்படும் முகவரி ஒன்றுக்கு வேண்டுகோள் அனுப்புகிறது. அது பெரும்பாலும் இவ்வாறு இருக்கும்:

```
GET /api/marks?term=2&year=2025
Host: api.example.com
Cookie: session=a81f
```

கேள்விக்குறிக்குப் பின் வரும் பகுதியைக் குவெரி ஸ்ட்ரிங் என்கிறோம். எந்தப் பருவம், எந்த ஆண்டு என்பதை அது சொல்கிறது. கேட்பது யார் என்பதைக் கடைசி வரியிலுள்ள குக்கி மட்டுமே சொல்கிறது. வழக்கமாகச் சி.டி.என். அமைக்கும் சாவியில் தளத்தின் பெயர், பாதை, குவெரி ஸ்ட்ரிங் ஆகியவை இடம்பெறும், குக்கி இடம்பெறாது. குக்கியையும் சேர்த்தால் ஆளுக்கொரு சாவியாகி, பொதுவான படங்களையும் பக்கங்களையும்கூடப் பகிர்ந்து கொடுக்க முடியாமல் போய்விடும் என்பதே காரணம். பொதுச் செய்திகளுக்கு இது நல்ல ஏற்பாடு. ஆளுக்கு ஆள் மாறும் விடைக்கோ இதுவே ஆபத்து.

ஆதலால்தான் மூலக் கணினி தன் விடையோடு, “இதைச் சேமிக்காதே” என்ற குறிப்பையும் அனுப்ப வேண்டும். அக்குறிப்பு இதுதான்:

```
Cache-Control: private, no-store
```

`private` என்பது, இது ஒருவருக்கே உரியது, பலருக்குப் பொதுவான கேஷ் இதை வைத்துக்கொள்ளலாகாது என்று பொருள்படும். `no-store` என்பது, எவருமே இதைச் சேமிக்கலாகாது என்பதாகும். ஆனால் சி.டி.என். நிர்வாகி தனியே ஒரு விதி எழுதி, மூலக் கணினியின் குறிப்பையும் மீறிச் சேமிக்கச் செய்ய இயலும். ஸ்டீம் அங்காடியை அன்று எதிரிகள் போலி வேண்டுகோள்களால் திணறடித்தனர். வழக்கமான விற்பனை நாள்களைவிட வேண்டுகோள்கள் 2000 சதவீதம் பெருகின என்று நிறுவனம் கூறியது. அச்சுமையைத் தாங்குவதற்காக அவசரமாக இடப்பட்ட கேஷ் விதிகளுள் ஒன்று, கணக்கில் நுழைந்தவர்களின் பக்கங்களையும் சேமித்துவிட்டது.

வரிசை மாறினால் சாவியும் மாறும்

இங்கே இன்னொரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பின்வரும் இரண்டு முகவரிகளும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன.

```
/api/marks?term=2&year=2025
/api/marks?year=2025&term=2
```

மூலக் கணினியிலுள்ள நிரல் இரண்டுக்கும் ஒரே விடையைத் தரும். கேஷ் அப்படிக் கருதாது. அது பொருளைப் பார்ப்பதில்லை. எழுத்துகளை மட்டுமே முதலிலிருந்து கடைசிவரை ஒப்பிடுகிறது. ஆகவே இவ்விரண்டும் அதற்கு இரு வேறு சாவிகள். “இரண்டாம் பருவம், 2025” என்று ஒரு பக்கத்திலும், “2025, இரண்டாம் பருவம்” என்று மற்றொரு பக்கத்திலும் குறிப்பேட்டில் எழுதிவைப்பதைப் போன்றது இது.

பொதுவான விடையாக இருப்பின் இதனால் பெருந்தீங்கு இல்லை. சேமிப்பின் பயன் குறையும், அவ்வளவே. மூன்று விவரங்களை 6 வரிசைகளில் எழுதலாம். நான்கு விவரங்களை 24 வரிசைகளில் எழுதலாம். ஒவ்வொரு வரிசைக்கும் மூலக் கணினியிடம் ஒருமுறையேனும் கேட்க வேண்டியிருக்கும். ஆனால் தனிப்பட்ட விடையைத் தவறாகச் சேமிக்கும்போது, இந்த வரிசை மாற்றம் பிழையை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. எவ்வாறு என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம்.

ஒரு பள்ளியின் நிர்வாகி, விடுமுறைப் பட்டியல் விரைவாக வர வேண்டுமென்று, `/api/` என்று தொடங்கும் எல்லா விடைகளையும் ஒரு மணி நேரம் சேமிக்குமாறு விதி எழுதிவிட்டார் என்போம். காலை 10.00 மணிக்கு முதல் மாணவி தன் மதிப்பெண்ணைக் கேட்கிறாள். அவளுடைய செயலி `term`-ஐ முதலில் எழுதுகிறது. கேஷில் ஒன்றுமில்லை, மூலக் கணினி அவளுக்குரிய விடையைத் தருகிறது, அது சேமிக்கப்படுகிறது. 10.05-க்கு அவள் தோழி அதே செயலியில் கேட்கிறாள். அவளுக்கு முதல் மாணவியின் மதிப்பெண்ணே வருகிறது. 10.10-க்கு மூன்றாமவள் கேட்கிறாள். அவளிடம் இருப்பது பழைய செயலி. அது `year`-ஐ முதலில் எழுதுகிறது. அந்தச் சாவியில் இன்னும் எதுவும் இல்லை. எனவே அவளுக்குத் தன் மதிப்பெண்ணே சரியாக வருகிறது. ஆனால் இனி அந்த இரண்டாம் சாவியில் இருப்பது அவளுடைய மதிப்பெண்.

தோழி முறையிடுகிறாள், மூன்றாமவளோ, “எனக்குச் சரியாகத்தானே வந்தது!” என்கிறாள். கேட்பவருக்குக் குழப்பமே மிஞ்சும். நிர்வாகி காரணத்தை ஒருவாறு ஊகித்து, `term` முதலாக வரும் முகவரியின் சேமிப்பை அழித்து, விதியையும் நீக்குகிறார். காரியம் முடிந்ததென்று எண்ணுகிறார். முடியவில்லை! `year` முதலாக வரும் முகவரியில் மூன்றாமவளின் மதிப்பெண் இன்னும் இருக்கிறது. அது 11.10 வரை, பழைய செயலி வைத்திருக்கும் அனைவருக்கும் போய்க்கொண்டிருக்கலாம். ஆகவே இத்தகைய பிழை நேர்ந்தால் ஒரு முகவரியை மட்டும் அழித்தல் போதாது. அந்தப் பாதையின்கீழ் உள்ள யாவற்றையும் அழித்தல் வேண்டும். ஸ்டீம் நிறுவனமும் அங்காடியை மூடி, புதிய விதியை இட்டு, எல்லாச் சி.டி.என். கணினிகளிலும் இருந்த சேமிப்பை அழித்ததை உறுதி செய்துகொண்ட பின்னரே மீண்டும் திறந்தது.

கண்டறிவதும் தவிர்ப்பதும்

இப்பிழை இருக்கிறதா என்று அறிய எளிய சோதனையொன்று உண்டு. இரண்டு வெவ்வேறு கணக்குகளில் நுழைந்து, ஒரே முகவரியை, எழுத்துக்கு எழுத்து அதே வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்க வேண்டும். வரும் விடையின் தலைப்பு வரிகளில் இவற்றைத் தேட வேண்டும்:

```
Age: 300
X-Cache: HIT
```

`Age` என்பது அந்த விடை எத்தனை விநாடி பழையது என்பதைக் காட்டும். தனிப்பட்ட விடையொன்றில் இவ்வரிகளைக் கண்டால், அது மூலக் கணினியிலிருந்து நேரே வரவில்லை, குறிப்பேட்டிலிருந்து வந்தது என்று அறியலாம். `X-Cache` என்ற பெயர் நிறுவனத்திற்கு நிறுவனம் மாறும். சோதிப்பவர் வரிசையை மாற்றிக் கேட்டால் வேறு சாவியைத் தொட்டுவிடுவார்; பிழை இருந்தும் அவருக்குத் தெரியாது.

வரிசைத் தொல்லைக்கும் மருந்து உண்டு. சாவியை அமைக்கும் முன் விவரங்களை அகர வரிசைப்படுத்துமாறு சில சி.டி.என். அமைப்புகளிடம் சொல்லலாம். வார்னிஷ் என்னும் கேஷ் மென்பொருளில் `std.querysort` என்ற கட்டளை இதற்கென்றே உள்ளது. ஆயினும் ஒரே பெயர் இருமுறை வந்து, அவற்றின் முன்பின் வரிசைக்குப் பொருள் இருக்குமானால், அங்கே வரிசைப்படுத்தல் தகாது.

அதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று: வரிசைப்படுத்துவதால் தனிப்பட்ட விடை பாதுகாப்புப் பெறாது, கேடு கூடவே செய்யும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் வரிசைப்படுத்தியிருந்தால், இரண்டு சாவிகளும் ஒன்றாகி, மூன்றாமவளுக்கும் முதல் மாணவியின் மதிப்பெண்ணே போயிருக்கும்! ஆகவே பொது விடைகளுக்கு மட்டுமே இம்மருந்து ஏற்றது. தனிப்பட்ட விடைகளுக்குச் சேமிக்காதிருப்பதே முறை. பயனரின் அடையாளத்தைச் சாவியில் சேர்த்துச் சேமிக்கவும் முடியும். எனினும் அவ்விடையை ஒருவரே மீண்டும் கேட்பார் ஆதலால் அதனால் வரும் ஆதாயம் சொற்பம்.

சுருங்கக் கூறின், விடையை மாற்றும் எதுவும் சாவியில் விடுபடலாகாது. விடையை மாற்றாத எதுவும் சாவியில் இருக்க வேண்டியதில்லை. கேட்பவர் யார் என்பது விடையை மாற்றுகிறது. வழக்கமான சாவியில் அது இல்லை. கேள்வியின் வரிசை விடையை மாற்றுவதில்லை. அது சாவியில் இருக்கிறது. முன்னது ஒருவரின் அந்தரங்கத்தை மற்றவருக்குக் காட்டிவிடுகிறது. பின்னது அப்படிக் காட்டியதையே நம்மிடமிருந்து மறைத்துவிடுகிறது.