உரிந்த பெயின்ட்டின் அடிப்பக்கம்

எங்கள் வீட்டு கேட்டுக்கு வருஷம் தவறாமல் பொங்கலுக்கு முன்னால் பெயின்ட் அடித்துவிடுவோம். வீடு திருவான்மியூரில், கடற்கரைக்கு ஏழெட்டுத் தெரு தள்ளி. சித்திரை, வைகாசியில் கடற்காற்று வீசத் தொடங்கியதும் கேட்டின் அடிச்சட்டத்தில் கொப்புளம் கிளம்பும். ஐப்பசி மழையில் அது உடைந்து, காவித் தண்ணீர் வாசல் தரையில் கோடு போட்டிருக்கும். பெயின்ட்தான் மட்டம் என்று நினைத்து மூன்று முறை பிராண்டை மாற்றிப் பார்த்தோம். கோடு அதே இடத்தில்தான் விழுந்தது.

போன வருஷம் வேறொரு பெயின்டர் வந்தார். முப்பது வருஷம் வேலை பார்த்தவர். கலர் என்ன என்று அவர் கேட்கவில்லை. பட்டித் தகட்டின் முனையால் கொப்புளத்திலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்து, உள்ளங்கையில் கவிழ்த்து, வெயிலுக்குக் காட்டினார்.

"மேல என்ன இருக்குன்னு பாக்காதீங்க சார். அடியில என்ன ஒட்டிட்டு வந்திருக்குன்னு பாருங்க" என்றார்.

சில்லின் விளிம்பில் பச்சை, பழுப்பு, மறுபடி பச்சை, அதற்குக் கீழே ரெட் ஆக்சைடு என்று எங்கள் பொங்கல்களெல்லாம் வரிசையாகத் தெரிந்தன. அடிப்பக்கம் முழுக்கக் காவித் தூள். விரலால் தொட்டால் மாவாக ஒட்டியது. ஒன்றன்மேல் ஒன்றாக அடித்த அத்தனை பெயின்ட்டும் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அவையெல்லாம் சேர்ந்து பிடித்துக்கொண்டிருந்தது இரும்பை அல்ல, துருவை.

அந்தச் சில்லை வைத்துக்கொண்டே அண்ணன் எனக்குப் பாடம் எடுத்தார். பெயின்ட் எந்த இடத்தில் பிரிந்து வருகிறதோ, அங்கேதான் தப்பு நடந்திருக்கிறது. அடியில் காவித் தூள் இருந்தால் துருவைச் சரியாக எடுக்காமல் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அடியில் கருநீலமாக, கண்ணாடிபோல் மினுங்கும் தகடு ஒட்டி வந்தால் அது மில் ஸ்கேல். ஆலையில் இரும்பைச் சூட்டோடு உருட்டும்போது மேலே படியும் தோல் அது. புது ஆங்கிளையும் பட்டைக் கம்பியையும் பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். ஆறு மாதத்தில் அந்தத் தோலுக்குக் கீழே ஈரம் புகுந்து, பெயின்ட்டையும் சேர்த்துக் கழற்றிவிடும். மேல்கோட் மட்டும் பிளாஸ்டிக் தாள்போல் உரிந்து, கீழே பழைய பெயின்ட் பளபளவென்று இருந்தால் உப்புத்தாள் போடாமல் எனாமல்மேல் எனாமல் அடித்திருக்கிறார்கள். முழுவதும் உரிந்து, கீழே வெள்ளி நிறத்தில் துருவே இல்லாத உலோகம் தெரிந்தால் அது துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப். சாதாரண எனாமலில் உள்ள எண்ணெயும் துத்தநாகமும் ஈரத்தில் சேர்ந்து சோப்பாக மாறிவிடுவதால் பெயின்ட் நிற்காது. அதற்கென்று தனி பிரைமர் இருக்கிறது.

எங்கள் கேட்டின் கோளாறு முதல் வகை. பெயின்ட்டுக்குக் கீழே மாட்டிய துரு ஏன் சும்மா இருப்பதில்லை? இரும்பு துருவாகும்போது அதன் பருமன் சில மடங்கு கூடுகிறது. மூடிவைத்த இடத்தில் அது ஊதும்போது மேலே உள்ள பெயின்ட்டைத் தூக்குகிறது. கடலோரத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. துருவின் குழிகளுக்குள் தங்கிய உப்பு, பெயின்ட் வழியாகவே காற்றின் ஈரத்தை உள்ளே இழுக்கும். பெயின்ட் படலம் நம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இறுக்கமானதல்ல. நீராவி மெல்ல அதை ஊடுருவும். அதனால்தான் மழையே இல்லாத மாதத்திலும் கொப்புளம் கிளம்புகிறது.

ஆகவே அண்ணனின் வேலை தண்ணீரில் தொடங்கியது. கேட் முழுவதையும் சோப்புப் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவினார். எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் என்பதால் குடிதண்ணீரைத்தான் கேட்டு வாங்கினார். கழுவாமல் கிரைண்டரை வைத்தால் உப்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் இரும்புக்குள்ளேயே தேய்த்து இறக்கிய கதையாகிவிடும்.

மறுநாள் காய்ந்த கேட்டில் சுரண்டல். தடித்த துருவைச் சின்னச் சுத்தியலால் தட்டி உதிர்த்தார். பிறகு கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி ஓட்டினார். கண்ணாடியும் முகமூடியும் போட்டுக்கொள்ளாமல் இந்த மெஷினைத் தொடக்கூடாது. தெறிக்கும் கம்பித் துணுக்கு கண்ணைக் குத்திவிடும். அரை மணியில் அடிச்சட்டம் பளபளத்தது. எனக்குத் திருப்தி. அவருக்கு இல்லை. எண்பதாம் நம்பர் உப்புத்தாளை எடுத்து, பளபளத்த இடத்திலேயே நாலு இழுப்பு இழுத்தார். பளபளப்பு உடைந்து, கீழே பழுப்பு தெரிந்தது. கம்பி பிரஷ்ஷை ஒரே இடத்தில் வைத்து ஓட்டினால் துருவுக்கே மெருகு ஏறி, பார்க்க இரும்புபோல் இருக்கும் என்றார். உப்புத்தாள் போட்ட பிறகு தெரிவதுதான் உண்மையான இரும்பு. அது சாம்பல் நிறமாக, லேசான சொரசொரப்போடு இருக்க வேண்டும். அந்தச் சொரசொரப்பில்தான் பிரைமர் கால் ஊன்றும்.

பழைய பெயின்ட் இறுகப் பிடித்திருந்த இடங்களை அவர் முழுதாக எடுக்கவில்லை. உப்புத்தாளால் பளபளப்பை மட்டும் உடைத்தார். உரிந்த இடத்தின் ஓரத்தைத் தேய்த்துச் சரிவாக்கினார். அந்த ஓரம் படிக்கட்டுபோல் நின்றால் புதுப் பெயின்ட் அங்கேதான் முதலில் பிளக்குமாம்.

அடிச்சட்டம் சதுர பைப். ஸ்குரூடிரைவரால் தட்டிக்கொண்டே போனவர் ஒரு மூலையில் நின்றார். அங்கே சத்தம் மொத்தையாக இருந்தது. அழுத்தியதும் முனை உள்ளே போய்விட்டது. வெல்டிங்கில் விட்ட ஊசித்துளை வழியாக மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, வெளியேற வழியில்லாமல் வருஷக்கணக்காகத் தேங்கியிருக்கிறது. பைப் உள்ளிருந்தே தின்னப்பட்டிருந்தது. வெளியே எத்தனை கோட் அடித்தாலும் இதைக் காப்பாற்ற முடியாது. அந்த ஒரு அடி நீளத்தை வெட்டிப் புதுத் துண்டு வைத்து வெல்டிங் செய்தோம். சட்டத்தின் அடியில் இரண்டு முனையிலும் ஆறு மில்லிமீட்டர் துளை போட்டோம். தண்ணீர் புகுவதை முழுக்கத் தடுக்க முடியாதபோது, அது வெளியேற வழியாவது இருக்க வேண்டும்.

இனி பிரைமர். ரெட் ஆக்சைடு துருவைத் தின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நானும் நம்பியிருந்தேன். அந்தச் சிவப்புப் பொடியே இரும்பு ஆக்சைடுதான், துருவுக்கு நெருங்கிய உறவு. அது எதோடும் வம்புக்குப் போகாது. ஈரத்துக்கு ஒரு திரையாக நிற்கும், மேல்கோட்டுக்குப் பிடிமானம் தரும், அவ்வளவுதான். துருவைத் தடுக்கும் வேலையையும் செய்வது ஜிங்க் பாஸ்பேட் கலந்த பிரைமர். கொஞ்சம் விலை கூடுதல். கடலோர வீட்டுக்கு நான் அதையே வாங்கச் சொல்வேன். பட்டறையிலிருந்து ஒரே கோட் ரெட் ஆக்சைடோடு வரும் புது கேட்டுகள் கட்டுமான இடத்தில் மாதக்கணக்காக வெயில் மழையில் சாத்திக் கிடக்கின்றன. அந்தக் கோட்டை நம்பி மேலே நேராக எனாமல் அடிப்பதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு.

சுரண்டிய இரும்பை இரவு முழுக்க வெறுமனே விடக்கூடாது. கடலோரத்தில் காலைக்குள் அதில் புதுத் துரு பூத்துவிடும். தின்னர் நனைத்த துணியால் தூசியைத் துடைத்து, அன்றே மாலைக்குள் முதல் கோட் முடிந்தது. முதலில் அவர் எடுத்தது சின்ன பிரஷ். வெல்டிங் மூட்டு, சட்டத்தின் விளிம்பு, கம்பிகள் குறுக்கே சேரும் இடம், கீல் மூலை ஆகியவற்றுக்கு மட்டும் தனியாக ஒரு கை அடித்தார். ஈரப் பெயின்ட் கூரான விளிம்பிலிருந்து தானாகவே பின்வாங்கி, அங்கே மெலிந்துவிடும். கேட்டில் துரு முதலில் எட்டிப்பார்ப்பது எப்போதும் விளிம்பில்தான் என்பதற்குக் காரணம் இதுதான். முதல் கோட் சிவப்பு, மறுநாள் இரண்டாம் கோட் சாம்பல். நிறம் வேறு என்றால் விட்டுப்போன இடம் உடனே கண்ணில் படும்.

தைப்பனி நாட்களில் காலை ஒன்பதரைக்கு முன் அவர் பிரஷ்ஷைத் தொடவில்லை. ஈரத்துணியால் இரும்பை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் காத்திருந்தார். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் ஈரம் காய்ந்தால் அடிக்கலாம். காயாமல் நின்றால் காற்றில் ஈரம் அதிகம். உச்சி வெயிலில் கை வைக்க முடியாதபடி சுடும் இரும்பிலும் அடிக்கக்கூடாது. மேல்தோல் உடனே காய்ந்து, உள்ளே மாட்டிய தின்னர் குமிழாக வெளிவரும். மாலை நாலு மணிக்கு வேலையை நிறுத்தினார். ஈர எனாமலில் பனி இறங்கினால் பளபளப்பு செத்து, வெளிறிப்போகும்.

அளவையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கேட் பத்தடி அகலம், ஐந்தடி உயரம், தகடு அடித்தது. இரண்டு பக்கமும் சேர்த்து நூறு சதுர அடி. ஒரு லிட்டர் பெயின்ட் ஒரு கோட்டுக்குக் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும். ஆக இரண்டு கோட் பிரைமருக்கு இரண்டு லிட்டர், இரண்டு கோட் எனாமலுக்கு இரண்டு லிட்டர். அரை லிட்டரில் ஒரு கோட்டை முடித்தேன் என்று ஒருவர் சொன்னால் டர்பன்டைன் தாராளமாகக் கலந்திருக்கிறார் என்று பொருள். நன்றாக அடித்த நாலு கோட்டும் காய்ந்த பிறகு சேர்ந்து சுமார் நூறு மைக்ரான் கனம்தான் இருக்கும். தலைமுடி ஒன்றரையின் தடிமன். அதிலும் பாதியைத் தண்ணியாக்கினால் கடற்காற்றுக்கு எதிரே நிற்க என்ன மிச்சம்?

கடலை ஒட்டியே வீடு உள்ளவர்களுக்கு எனாமல் போதாது. இரண்டு டப்பா கலந்து அடிக்கும் எபாக்சி பிரைமரும், அதன்மேல் பாலியூரித்தேன் கோட்டும் வேண்டும். எபாக்சி வெயிலில் சுண்ணாம்புபோல் பொடிந்துவிடும் என்பதால் அதை வெறுமனே விட முடியாது. பழைய எனாமல்மேல் எபாக்சி அடித்தால் அதன் தின்னர் கீழே உள்ளதைச் சுருட்டித் தூக்கிவிடும். பழசை முழுவதும் எடுத்தே தீர வேண்டும். 2025இல் திறந்த புதிய பாம்பன் பாலத்தின் இரும்புக்கும் துத்தநாகப் பூச்சு, அதன்மேல் எபாக்சி, கடைசியாக வெயில் தாங்கும் பாலிசிலாக்சேன் என்று அடுக்கினார்கள். அங்கே இரும்பைச் சுத்தம் செய்வது மணல்போன்ற துகளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி. அது குழிக்குள்ளும் போய்த் துருவை எடுக்கும். கையும் கம்பி பிரஷ்ஷும் அவ்வளவு தூரம் போகாது. ஆகவே குழிவிழுந்த எங்கள் அடிச்சட்டத்துக்கு அண்ணன் கொடுத்த கெடு மூன்று வருஷம். அதுவும் வருஷம் ஒருமுறை மழை விட்டதும் பார்த்து, புள்ளி தெரிந்த இடத்தில் மட்டும் உப்புத்தாள், பிரைமர், எனாமல் என்று ஒட்டுப்போட்டால்.

இந்த மழைக்காலம் முடிந்ததும் பார்த்தேன். கீல் பக்கத்து வெல்டிங்கில் கடுகளவு ஒரு காவிப் புள்ளி. அடிச்சட்டத் துளைகளிலிருந்து முதல் இரண்டு மழைக்குப் பழுப்பாகச் சொட்டிய தண்ணீர், கார்த்திகையில் தெளிவாகச் சொட்டியது. வாசலில் கோடு இல்லை.