படம் அரை மணி நேரம் நீண்டால்...

புதிய படம் மூன்று மணி நேரம் ஓடும் என்ற செய்தி வந்தால், ரசிகர் தம் பொறுமையைப் பற்றி மட்டுமே யோசிப்பார். சிறு நகரமொன்றில் 400 இருக்கைகள் கொண்ட ஒற்றைத் திரை அரங்கைச் சில ஆண்டுகள் நிர்வகித்தவன் நான். அத்தகைய செய்தி வந்ததும் என் கை தேடுவது காகிதத்தையும் பேனாவையும்தான். நீளும் அந்த அரை மணி நேரத்தை நாளின் எந்தப் பகுதியிலிருந்து எடுப்பது என்பதே என் கவலை.

தமிழ்நாட்டில் வழக்கமாக நாளொன்றுக்கு நான்கு காட்சிகளுக்குத்தான் அனுமதி. ஐந்தாவது காட்சிக்கு அரசின் சிறப்பு அனுமதி வேண்டும். இந்த நான்கையும் காலையிலிருந்து வரிசையாகக் கணக்கிடுவது புதியவர்கள் செய்யும் தவறு. முதலில் நிலைநிறுத்த வேண்டியது மாலைக் காட்சி. வேலை முடிந்து வீடு திரும்பியவர் குடும்பத்துடன் அரங்குக்கு வந்துசேர மாலை 6.30 ஆகிவிடும். அந்த நேரத்தை அசைக்காமல், அதிலிருந்து பின்னோக்கிப் பகல் காட்சிகளையும், முன்னோக்கி இரவுக் காட்சியையும் வகுக்க வேண்டும்.

படம் 150 நிமிடம் என்று கொள்வோம். விளம்பரங்களுக்கு 10 நிமிடம், இடைவேளைக்கு 15 நிமிடம். பார்வையாளர்கள் வெளியேற 7, துப்புரவுக்கு 10, அடுத்த காட்சிக்கானவர்கள் உள்ளே அமர 8 என்று மேலும் 25 நிமிடம். ஆக, ஒரு காட்சிக்கு 200 நிமிடம். மதியக் காட்சியை 2.30-க்குத் தொடங்கினால் எல்லாம் 5.50-க்கு முடிந்து, மாலைக் காட்சிக்கு முன் 40 நிமிடம் மிச்சமிருக்கும். இரவுக் காட்சியைப் பத்து மணிக்குத் தொடங்கி 12.55-க்கு முடிக்கலாம்.

அதுவே 180 நிமிடப் படமானால் ஒரு காட்சிக்கு 230 நிமிடம் தேவை. காலைக் காட்சியை 10.40-க்குத் தொடங்கியாக வேண்டும். மதியக் காட்சிக்குப் பிறகு எஞ்சுவது 10 நிமிடமே. இரவுக் காட்சி 10.20-க்குத் தொடங்கி 1.45-க்கு முடியும். கடைசிப் பேருந்தை நம்பி வருபவர் அந்தக் காட்சிக்கு வரமாட்டார்.

காகிதத்தில் நான்கு காட்சிகளும் அடங்கிவிடுகின்றன. நடைமுறையில் நடப்பது வேறு. கூட்டம் சேரட்டும் என்று காட்சியை 5 நிமிடம் தாமதமாகத் தொடங்குவோம்; சிற்றுண்டி விற்பனைக்காக இடைவேளையை இன்னும் 5 நிமிடம் நீட்டுவோம். காலையில் 10, மதியத்தில் 10 என்று இழந்தால், மிச்சமிருந்த 10 நிமிடமும் கரைந்து, மாலைக் காட்சி 6.40-க்குத்தான் தொடங்க முடியும். வாசலில் நிற்கும் கூட்டமோ காத்திருக்காது. பறிபோவது எது? துப்புரவுக்கான 10 நிமிடம்தான். நிறைந்த அரங்கை மூன்று பெண்கள் மூன்றே நிமிடத்தில் பெருக்கிவிட்டு வெளியேறுவார்கள்; கழிவறைப் பக்கம் போக நேரமே இராது. அதிகம் பேர் வரும் காட்சியே அசுத்தமான காட்சியாகிவிடும். மாலைக் காட்சியில் உங்கள் காலடியில் சோளப்பொரி நொறுங்கினால், அன்றைய தாமதம் காலையிலேயே தொடங்கிவிட்டது என்று அறியலாம்.

இதைக் கண்டுபிடிக்க நான் வைத்திருந்தது ஒரு நோட்டுப் புத்தகம். படம் தொடங்கிய நேரம், இடைவேளை விட்ட நேரம், மீண்டும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம் ஆகிய நான்கையும் ஆபரேட்டர் ஒவ்வொரு காட்சிக்கும் குறிப்பார். ஒரு வாரக் குறிப்பைப் பார்த்தாலே நேரம் எங்கே கசிகிறது என்பது தெரிந்துவிடும். எங்கள் அரங்கில் அது பெரும்பாலும் இடைவேளையில்தான் கசிந்தது.

2024-இல் மூன்று மணி நேரப் படமாக வெளிவந்த 'இந்தியன் 2', வெளியான சில நாள்களிலேயே 12 நிமிடம் குறைக்கப்பட்டது. ரசிகருக்கு அது சில காட்சிகளின் நீக்கம்; சிறு அரங்குக்கோ துப்புரவு நேரம் முழுதாகத் திரும்பக் கிடைத்ததற்குச் சமம்.

நீளமான படத்துக்கு இன்னொரு தீர்வும் உண்டு. இரண்டாம் வாரத்தில் மதியக் காட்சியை இரண்டு மணி நேரச் சிறு படம் ஒன்றுக்குக் கொடுத்தால், 2.30-க்குத் தொடங்கிய காட்சி துப்புரவு உள்பட 5.20-க்கு நிறைவடையும். மாலைப் பெரும் படத்துக்கு முன் 70 நிமிட அவகாசம் கிடைக்கும். முதல் வாரத்தில் நான்கு காட்சிகளும் தங்கள் படத்துக்கே என்று விநியோகஸ்தர் ஒப்பந்தம் செய்திருந்தால் இதற்கு வழியில்லை. ஆனால், அதன் பிறகும் சிறு படத்துக்குக் காலைக் காட்சியை மட்டும் ஒதுக்கிவிட்டு, மாலையில் ஓடும் பெரிய படத்தின் வசூலோடு ஒப்பிட்டு, 'கூட்டமில்லை' என்று தூக்கிவிடுகிறோம். இது நியாயமான அளவுகோல் அல்ல. அதே காலைக் காட்சியில் முந்தைய வாரம் பெரிய படத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு அல்லவா ஒப்பிட வேண்டும்? அப்படி ஒப்பிட்டுப் பார்த்தபோது, தூக்கிவிட இருந்த சிறு படங்கள் சிலவற்றை நான் மதியக் காட்சிக்கு மாற்றியதுண்டு.