அட்டவணையைத் திருப்பினால் தலைப்பு என்னாகும்?

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து ஒரு சிறிய அட்டவணை. மூன்று மாநிலங்கள், மூன்று கணக்கெடுப்புகள். எண்கள் கோடியில்.

| மாநிலம் | 1991 | 2001 | 2011 |
|---|---|---|---|
| தமிழ்நாடு | 5.59 | 6.24 | 7.21 |
| கேரளம் | 2.91 | 3.18 | 3.34 |
| கர்நாடகம் | 4.50 | 5.29 | 6.11 |

குறுக்கே ஓடுவது நிரை, மேலிருந்து கீழே இறங்குவது நிரல் என்று பள்ளிக் கணக்கில் படித்திருப்போம். நிரையை நிரலாகவும் நிரலை நிரையாகவும் மாற்ற எக்செல்லில் அரை நிமிடம் போதும். அட்டவணை முழுவதையும் காப்பி செய்து, காலியான ஓர் இடத்தில் Paste Special-ஐத் திறந்து, Transpose என்ற கட்டத்தில் டிக் செய்தால் முடிந்தது.

| மாநிலம் | தமிழ்நாடு | கேரளம் | கர்நாடகம் |
|---|---|---|---|
| 1991 | 5.59 | 2.91 | 4.50 |
| 2001 | 6.24 | 3.18 | 5.29 |
| 2011 | 7.21 | 3.34 | 6.11 |

எண் ஒன்றுகூட மாறவில்லை. வாசிப்பவருக்கு இது வசதியும்கூட. அடுத்தடுத்து எழுதிய எண்களைவிட ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய எண்களையே கண் எளிதாக ஒப்பிடும். தமிழ்நாட்டின் வளர்ச்சியைப் பார்க்க விரும்புகிறவருக்கு இரண்டாவது வடிவமே பொருத்தம்.

ஆனால் இடது மேல் மூலையைக் கவனிக்க வேண்டும். ‘மாநிலம்’ என்ற சொல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. முதல் அட்டவணையில் அதன் கீழே தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் இருந்தன. இப்போது 1991, 2001, 2011 இருக்கின்றன. திருப்பும்போது மற்றத் தலைப்புகள் இடம் மாறினாலும் மூலைக் கட்டம் நகர்வதில்லை. அதனால் தனக்குச் சம்பந்தமில்லாத ஒரு நிரலுக்கு அது பெயராகிவிடுகிறது. மனிதர் பார்த்தால் புரிந்துகொண்டு கடந்துவிடுவார். கணினிக்கு அந்தப் புரிதல் கிடையாது. இதே அட்டவணையிலிருந்து பிவட் டேபிள் போட்டால், ‘மாநிலம்’ என்ற பெயரில் மூன்று ஆண்டுகளைக் காட்டும்.

இந்தப் பிழை திருப்பியதால் பிறந்தது அல்ல, முதலிலிருந்தே உள்ளே இருந்தது. மூலையில் உள்ள சொல் இடதுபக்க நிரலுக்கு மட்டுமே பெயர் சொல்கிறது. மேலே வரிசையாக நிற்கும் 1991, 2001, 2011 எல்லாம் ‘ஆண்டு’ என்று அட்டவணையில் எங்கும் எழுதப்படவில்லை. உள்ளே இருக்கும் எண்கள் மக்கள்தொகை என்பதும் எழுதப்படவில்லை. வாசகர் அதை ஊகித்துக்கொண்டார், அவ்வளவுதான். திருப்பியவர் மூலையில் ‘மாநிலம்’ என்பதை அழித்து ‘ஆண்டு’ என்று தட்டச்சு செய்தாக வேண்டும். எக்செல்லின் Transpose அதைத் தானாகச் செய்யாது.

அடுத்த சிக்கல் கூட்டுத்தொகையில் வருகிறது. முதல் அட்டவணையில் 1991 என்ற தலைப்பை விட்டுவிட்டு, அதன் கீழுள்ள மூன்று எண்களை மட்டும் தேர்ந்தெடுத்து AutoSum அழுத்தினால் 13.00 வரும். மூன்று மாநிலங்களிலும் அந்த ஆண்டு ஏறக்குறைய 13 கோடிப் பேர் இருந்தார்கள் என்று பொருள். உபயோகமான எண். திருப்பிய அட்டவணையில் தமிழ்நாடு என்ற நிரலின் அடியில் அதே பொத்தானை அழுத்தினால் 19.04 வரும். 19 கோடிப் பேர் தமிழ்நாட்டில் எப்போதும் இருந்ததில்லை. 1991இல் எண்ணப்பட்டவர்களில் பெரும்பாலோர் 2001இலும் எண்ணப்பட்டார்கள், 2011இலும் எண்ணப்பட்டார்கள். ஒரே ஆளை மூன்று முறை கூட்டிய தொகை அது. ‘1991’ என்ற தலைப்பின் கீழ் வெவ்வேறு மக்கள் இருந்ததால் கூட்டலாம். ‘தமிழ்நாடு’ என்ற தலைப்பின் கீழ் அதே மக்களின் மூன்று தோற்றங்கள் இருப்பதால் கூட்டக் கூடாது.

19.04 கோடி என்றால் யாராவது சந்தேகப்படுவார்கள். சதவீதம் வந்துவிட்டால் அந்தச் சந்தேகமும் எழாது. மூன்று மாநிலங்களின் மொத்தத்தில் தமிழ்நாட்டின் பங்கு 1991இல் 43.0, 2001இல் 42.4, 2011இல் 43.3 சதவீதம். பிவட் டேபிளில் ஆண்டுகளை மேலே வைத்து ‘% of Column Total’ என்று கேட்டால் இந்த எண்கள் வரும். இந்த விடைகளை மட்டும் காப்பி செய்து திருப்பி ஒட்டினால், தமிழ்நாட்டு நிரலில் இவை மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். கூட்டினால் 128.7. சதவீதம் நூற்றைத் தாண்டியதே எச்சரிக்கை. நூறு வரவேண்டிய திசை இப்போது குறுக்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

காப்பி செய்யாமல், பிவட் டேபிளுக்குள்ளேயே ஆண்டையும் மாநிலத்தையும் இடம் மாற்றுகிறவர்கள் அதிகம். இழுத்துப் போட்டால் போதும் என்பதால் அது இன்னும் சுலபம். அப்போது நடப்பது வேறு. ‘% of Column Total’ என்ற கட்டளை அப்படியே நிற்கிறது, நிரல் மாறிவிட்டது. எனவே எக்செல் எல்லாவற்றையும் புதிதாகக் கணக்கிடுகிறது. தமிழ்நாடு நிரலில் இப்போது ஏறக்குறைய 29, 33, 38 என்று வரும். கூட்டினால் சரியாக நூறு. பார்க்க மிக ஒழுங்கான சதவீத அட்டவணை. ஆனால் அந்த 29 சதவீதம், இல்லாத 19.04 கோடியில் 29 சதவீதம். கூட்டல் சரியாக வருவதாலேயே பிழை மறைந்துகொள்கிறது. இங்கே ஒரே கேள்விதான் காப்பாற்றும்: எதில் 29 சதவீதம்? அதற்கு ஒரு வாக்கியத்தில் பதில் சொல்ல முடியவில்லை என்றால் அந்த எண்ணை அச்சுக்கு அனுப்பக் கூடாது.

இதுவரை பார்த்த அட்டவணையில் எல்லாக் கட்டங்களும் ஒரே வகை, ஆட்களின் எண்ணிக்கை. வகைகள் கலந்த அட்டவணையில் நிலைமை இன்னும் மோசம். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை, மக்கள் அடர்த்தி, பாலின விகிதம், எழுத்தறிவு என்று நான்கு தலைப்புகள் மேலே, மாநிலங்கள் கீழே இருக்கட்டும். ‘எழுத்தறிவு’ என்ற தலைப்பைப் பார்த்தாலே அதன் கீழுள்ளவை சதவீதங்கள் என்று தெரியும். அந்த நிரலை வைத்து மாநிலங்களை ஏறுவரிசையிலும் இறங்குவரிசையிலும் அடுக்கலாம். திருப்பினால், ‘தமிழ்நாடு’ என்ற தலைப்பின் கீழ் 7.21, 555, 996, 80.1 என்று நான்கு எண்கள். முதலாவது கோடிப் பேர், இரண்டாவது ஒரு சதுர கிலோமீட்டருக்கு இத்தனை பேர், மூன்றாவது ஆயிரம் ஆண்களுக்கு இத்தனை பெண்கள், நான்காவது சதவீதம். சராசரி கேட்டால் எக்செல் தயங்காமல் 409.58 என்று சொல்லும். அது எதன் சராசரியும் அல்ல. நிரலின் தலைப்பு ‘எதை அளந்தோம்’ என்பதைச் சொல்வதை நிறுத்திவிட்டு, ‘யாரை அளந்தோம்’ என்பதைச் சொல்லத் தொடங்கிவிட்டது. அலகுகளும் அதோடு நிரையின் ஓரத்துக்குப் போய்விட்டன.

பக்கத்தில் அச்சிட்டு இரண்டு மாநிலங்களை ஒப்பிட இந்த வடிவம் நன்றாகவே இருக்கும். கணக்குப் போட உதவாது. இரண்டு வேலைக்கும் ஒரே அட்டவணையைப் பயன்படுத்தாமல், மூலப் பிரதியைத் தொடாமல் வைத்து, திருப்பியதைத் தனித் தாளில் வைப்பதே நல்லது. தாளின் அளவும் ஓர் எல்லை: எக்செல்லில் 10,48,576 நிரைகள் உண்டு, நிரல்களோ 16,384 மட்டுமே. பெரிய பட்டியலைத் திருப்ப அங்கே இடமிருக்காது.

பல நேரங்களில் தேவைப்படுவது திருப்புவதே அல்ல. மாநிலம், ஆண்டு, மக்கள்தொகை என்று மூன்றே தலைப்புகள் வைத்து, மேலே உள்ள ஒன்பது எண்களையும் ஒன்பது நிரைகளாக இறக்கிவிடலாம். எக்செல்லின் பவர் குவெரியில், மாநிலம் என்ற நிரலைத் தேர்ந்தெடுத்து ‘Unpivot Other Columns’ என்று கொடுத்தால் அது நடந்துவிடும். புதிய நிரல்களுக்கு Attribute, Value என்று பெயர் வரும். அவற்றை ஆண்டு என்றும் மக்கள்தொகை (கோடி) என்றும் மாற்ற வேண்டும். முதல் அட்டவணையில் எங்கும் எழுதப்படாமல் இருந்த இரண்டு பெயர்களும் இப்படி முதல்முறையாகத் தாளில் ஏறுகின்றன. பிறகு எந்தப் பக்கம் எது வரவேண்டுமோ, அப்படி ஒரு பிவட் டேபிள் எடுத்துக்கொள்ளலாம்.