திங்கள், புதன் உங்க முறை

‘திங்கள், புதன் நீங்க கூட்டிட்டு வந்துடுங்க, மத்த நாள் நான் பாத்துக்கறேன்’ என்றார் எதிர்வீட்டு அம்மா, லிஃப்டில். கேட்கவில்லை, அறிவித்தார்.

என்னிடம் இருப்பது ஸ்கூட்டர். மோட்டார் வாகனச் சட்டப்படி ஓட்டுபவரைத் தவிர ஒருவர்தான் அதில் ஏறலாம். ஆனால் இதைக் காரணமாகச் சொன்னால், ‘ஆட்டோ வெச்சுக்கலாம், பாதிப் பணம் தர்றேன்’ என்பார். காரணத்துக்கு வழி கிடைத்தால் மறுப்பு போச்சு. ‘பாக்கலாம்’ இன்னும் மோசம். அவர் காதில் அது ‘சரி’.

அன்றிரவே வாட்ஸப்பில் அனுப்பினேன்: ‘அக்கா, இந்தப் பொறுப்பு என்னால எடுத்துக்க முடியாது. திங்களுக்கு வேற ஏற்பாடு பண்ணிக்கோங்க.’

நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. பிள்ளை பள்ளி வாசலில் தனியே நின்றுவிடக் கூடாதே! ஞாயிறன்று போன் போட்டு உறுதி செய்துகொண்டேன். திங்களன்று அவர் மாமியார் போனார். லிஃப்டில் இரண்டு வாரம் மௌனம்.