முன்னால் 55, மொத்தம் எத்தனை?

பழக்கடையில் ஆரஞ்சுக் குவியலுக்கு நேர் எதிரே நின்று பார்த்தால் ஒரு முக்கோணம்தான் தெரியும். அடியில் பத்துப் பழம், அதற்கு மேல் ஒன்பது, அடுத்து எட்டு என்று குறைந்துகொண்டே போய் உச்சியில் ஒற்றைப் பழம் உட்கார்ந்திருக்கும். அந்தப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிறவை 55 பழங்கள். குவியலில் மொத்தம் எத்தனை இருக்கும்? 385 இருக்கலாம், 220 இருக்கலாம். இரண்டில் எது என்று முன்பக்கத்தை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. குவியலை ஒரு சுற்று சுற்றி வர வேண்டும்.

சுற்றி வரும்போது அடியில் நான்கு மூலைகள் இருந்தால் அது சதுரக் குவியல். மூன்றே மூலைகள் என்றால் முக்கோணக் குவியல். சதுரக் குவியலில் ஒவ்வொரு பழமும் கீழே இருக்கும் நான்கு பழங்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் உட்காரும். முக்கோணக் குவியலில் மூன்று பழங்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் உட்காரும். ஆனால் இரண்டிலும் சாய்ந்த பக்கம் ஒரே மாதிரிதான் அமைகிறது: ஒவ்வொரு வரிசையிலும் கீழ்வரிசையைவிட ஒரு பழம் குறைவு, அதுவும் அரைப் பழ அளவுக்குத் தள்ளி. அதனால்தான் முன்னால் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன.

அடுக்கு அடுக்காகக் கூட்டினால் விடை கிடைத்துவிடும். சதுரக் குவியலில் உச்சியிலிருந்து இறங்கினால் 1, 4, 9, 16 என்று வர்க்க எண்கள் வரும். பத்தாவது அடுக்கில் 100. எல்லாம் சேர்ந்து 385. முக்கோணக் குவியலில் 1, 3, 6, 10, 15 என்று முக்கோண எண்கள் வரும். பத்தாவது அடுக்கில் 55. எல்லாம் சேர்ந்து 220. நான்கைந்து அடுக்கு வரை இப்படிக் கூட்டலாம். அதற்கு மேல் போனால் சலிப்பும் வரும், தப்பும் வரும்.

பத்தாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் இதற்குச் சூத்திரம் இருக்கிறது. வர்க்கங்களின் கூடுதல் n(n+1)(2n+1)/6. மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவர்கள் ஏராளம். அந்த 2n+1 எங்கிருந்து வந்தது, ஏன் ஆறால் வகுக்கிறோம் என்று கேட்டுப் பார்த்தவர்கள் குறைவு. கேட்டிருந்தால் இது மறக்கவே மறக்காது. ஒரு காகிதமும் பேனாவும் போதும், பார்த்துவிடலாம்.

நான்கு அடுக்குள்ள சதுரக் குவியலை எடுத்துக்கொள்வோம். உச்சியில் ஒரு பழம்: ஒரு 1 எழுதுங்கள். அடுத்த அடுக்கில் இரண்டு வரிசை, வரிசைக்கு இரண்டு பழம்: இரண்டு 2 எழுதுங்கள். அதற்கடுத்து மூன்று 3, பிறகு நான்கு 4. எண்களாலான ஒரு முக்கோணம் கிடைக்கும். அதிலுள்ள எண்களைக் கூட்டினால் குவியலின் மொத்தம் வரும். இப்போது அதே முக்கோணத்தைத் திருப்பி, 1 இருக்கும் மூலை ஒரு முறை கீழே இடப்பக்கமும் இன்னொரு முறை கீழே வலப்பக்கமும் வரும்படி எழுதுங்கள்.

```
   1          4          4
  2 2        3 4        4 3
 3 3 3      2 3 4      4 3 2
4 4 4 4    1 2 3 4    4 3 2 1
```

மூன்று முக்கோணங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒரே இடத்தில் விழும் மூன்று எண்களைக் கூட்டிப் பாருங்கள். உச்சியில் 1, 4, 4: ஒன்பது. அதற்குக் கீழே இடப்பக்கம் 2, 3, 4: ஒன்பது. மூன்றாம் வரிசையின் நடுவில் 3, 3, 3: அங்கும் ஒன்பதுதான். எந்த இடத்தை எடுத்தாலும் ஒன்பதைத் தவிர வேறெதுவும் வராது. காரணம் எளிது. இடது ஓரத்துக்கு இணையாக ஒரு வரிசை இறங்கினால் முதல் முக்கோணத்தில் எண் ஒன்று கூடுகிறது, இரண்டாவதில் ஒன்று குறைகிறது, மூன்றாவதில் மாறுவதில்லை. எந்தத் திசையில் நகர்ந்தாலும் இப்படித்தான்; கூடியதும் குறைந்ததும் சரிக்குச் சரியாகிவிடும்.

மொத்தம் பத்து இடங்கள், இடத்துக்கு ஒன்பது: 90. இது மூன்று முக்கோணங்களின் கூடுதல். ஆகவே ஒன்றுக்கு 30. நேராகக் கூட்டினாலும் 1+4+9+16 முப்பதுதான்.

இப்போது பத்து அடுக்குக்கு வருவோம். உச்சி இடத்தில் 1, 10, 10 சேர்ந்து 21. இதுதான் சூத்திரத்திலுள்ள 2n+1. இடங்கள் எத்தனை? 1 முதல் 10 வரை கூட்டினால் 55. இது நாம் முன்னால் நின்று எண்ணிய அதே 55! அதை 21-ஆல் பெருக்கி மூன்றால் வகுத்தால் 385. அதாவது முன்பக்கத்து எண்ணிக்கையை ஏழால் பெருக்கினால் முடிந்தது. 55 என்பது 10×11-இல் பாதி. அந்தப் பாதிக்கான இரண்டும், மூன்று முக்கோணங்களுக்கான மூன்றும் பெருகித்தான் சூத்திரத்தின் அடியில் ஆறாக நிற்கிறது.

முக்கோணக் குவியலுக்கும் இதே வழி. இங்கே முக்கோணத்தைத் தலைகீழ் மதிப்புகளோடு எழுத வேண்டும். நான்கு அடுக்கென்றால் அடுக்குகளில் 1, 1+2, 1+2+3, 1+2+3+4 என்று பழங்கள் இருக்கின்றன. ஒற்றைப் பழ வரிசை நான்கு அடுக்கிலும் வருகிறது. இரண்டு பழ வரிசை மூன்று அடுக்கில் வருகிறது. மூன்று பழ வரிசை இரண்டில். நான்கு பழ வரிசை ஒன்றில் மட்டும். ஆகவே உச்சியில் ஒரு 4, அதன் கீழ் இரண்டு 3, அப்புறம் மூன்று 2, கடைசியில் நான்கு 1. இதை மூன்று விதமாகத் திருப்பிக் கூட்டினால் எல்லா இடத்திலும் ஆறு வரும். பத்து இடம், இடத்துக்கு ஆறு, மூன்றால் வகுத்தால் 20. பத்து அடுக்குக்கு இந்த ஆறு பன்னிரண்டாகிறது: 55×12/3 = 220. முன்பக்கத்து 55-ஐ நான்கால் பெருக்கினால் போதும்.

இரண்டு குவியல்களுக்கும் இடையே உறவும் உண்டு. பத்துக்குப் பத்துச் சதுர அடுக்கை மூலைவிட்டத்தில் பிரித்தால், மூலைவிட்டத்தோடு சேர்ந்த பகுதியில் 55 பழம், மறுபகுதியில் 45 பழம். இரண்டும் முக்கோண எண்கள். எல்லா அடுக்குகளையும் இப்படிப் பிரித்தால், 385 பழங்கள் பத்து அடுக்கு முக்கோணக் குவியலுக்கான 220 ஆகவும், ஒன்பது அடுக்குக்கான 165 ஆகவும் பிரிந்துவிடும்.

இந்தக் கணக்குகள் நம் நாட்டில் மிகப் பழையவை. ஆரியபட்டர் 499-இல் எழுதிய ஆரியபட்டீயத்தின் கணிதப் பகுதியில் இரண்டு குவியல்களுக்குமே விதி சொல்லியிருக்கிறார். முக்கோணக் குவியலுக்கு அவர் தரும் இன்னொரு வழி மிக அழகானது: அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டு, அதன் கனத்திலிருந்து அதையே கழி, ஆறால் வகு. பத்து அடுக்கென்றால் 11-இன் கனம் 1331. அதில் 11 போனால் 1320. ஆறால் வகுத்தால் 220. அவர் விதியைத்தான் சொன்னார், காரணத்தைச் சொல்லவில்லை. கேரளத்தில் 1444-இல் பிறந்த நீலகண்ட சோமயாஜி, ஆரியபட்டீயத்துக்கு எழுதிய உரையில் வடிவங்களை வைத்தே காரணத்தை விளக்கினார். வர்க்கங்களின் கூடுதலுக்குச் சமமான ஆறு அடுக்குகளைச் சேர்த்தால், இடைவெளியே இல்லாத ஒரு பெட்டி உருவாகும். நம் கணக்கில் அதன் நீள அகல உயரங்கள் 10, 11, 21. பெருக்கினால் 2310, அதில் ஆறில் ஒரு பங்கு 385.

பிரமிடின் கனஅளவு தெரிந்தவர்கள் இங்கே ஒரு குறுக்குவழியில் மாட்டிக்கொள்வார்கள். அடிப்பரப்பை உயரத்தால் பெருக்கி மூன்றால் வகுப்போம் என்று 10×10×10/3 போடுவார்கள். 333 வரும், 52 பழம் குறைகிறது. வழவழப்பான சாய்வுள்ள பிரமிடுக்குச் சரியான கணக்கு, படிப்படியாக ஏறும் குவியலுக்குப் பொருந்தாது. ஓரத்தில் துருத்தி நிற்கும் பழங்கள் அதில் விடுபட்டுப்போகும். சூத்திரத்தை விரித்தால் குறை எங்கே என்று தெரிந்துவிடும்: 1000-இல் மூன்றில் ஒரு பங்கு, 100-இல் பாதி, 10-இல் ஆறில் ஒரு பங்கு. நடுவிலுள்ள அந்த ஐம்பதுதான் விட்டுப்போன பெரும்பகுதி. குவியல் பெரிதாக ஆக இந்தக் குறையின் விகிதம் சுருங்கும். நூறு அடுக்கில் உண்மை எண் 3,38,350. குறுக்குவழி தருவது 3,33,333.

கடையில் இருக்கும் குவியல் எப்போதும் முழுமையாக இருக்காது. மேலே மூன்று அடுக்கு விற்றுவிட்டால், பத்தின் கூடுதலிலிருந்து மூன்றின் கூடுதலைக் கழிக்க வேண்டும்: 385-இல் 14 போக 371. பழங்கள் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால்தான் அடுக்கு சீராக வரும். பெரிதும் சிறிதும் கலந்தால் பள்ளங்கள் ஒழுங்கு தவறும்; இரண்டு மூன்று அடுக்குக்குள்ளேயே வரிசை கோணும். அப்போது எந்தச் சூத்திரமும் உதவாது. அடியில் ஓரப் பழங்கள் வெளியே தள்ளப்படும் என்பதால், சுற்றி ஒரு கட்டையோ விளிம்போ இல்லாமல் இவ்வளவு உயரக் குவியல் நிற்பதும் கடினம்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: குவியலின் உள்ளே பழம்தான் இருக்கிறதா? நடுவில் பெட்டியைக் கவிழ்த்துவைத்து மேலே அடுக்குவதும் உண்டு. பத்து அடுக்குச் சதுரக் குவியலில் வெளியே தெரிவது உச்சிப் பழமும் ஒவ்வொரு அடுக்கின் ஓரமும் மட்டுமே. அவற்றை எண்ணினால் 181. உள்ளே ஒளிந்திருப்பவை 204. எட்டு அடுக்குள்ள முழுக் குவியலின் எண்ணிக்கை அது. எனவே வெளியே தெரியும் அதே தோற்றத்துக்கு 181 பழமே போதும் என்றும் ஆகலாம். சூத்திரம் சொல்வது நிறைகுவியலின் கணக்கு மட்டுமே.

சதுரக் குவியலைப் பிரித்து, அத்தனை பழங்களையும் தரையில் ஒரே சதுரமாகப் பரப்ப முடியுமா? பத்து அடுக்கில் முடியாது. 385 ஒரு வர்க்க எண் அல்ல. எந்தக் குவியலில் முடியும் என்ற கேள்வியை 1875-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூக்கா பீரங்கிக் குண்டுகளை வைத்து எழுப்பினார். 24 அடுக்கில் முடியும்: 24×25×49/6 = 4900, அது எழுபதுக்கு எழுபது சதுரம். ஒற்றைப் பழத்தை விட்டுவிட்டால் வேறு எந்தக் குவியலிலும் இது நடக்காது என்று 1918-இல் ஜி. என். வாட்சன் நிறுவினார்.